ஆண்டு இலக்கை நான்கால் வகுக்கலாமா?

சிராங்கூன் ரோட்டைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். நம் இளைஞர் வகுப்பில் தொழில் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு தம்பியோ தங்கையோ கேட்கும் கேள்வி இது: "அண்ணே, வருஷத்துக்கு இவ்வளவு விற்கணும்னு முடிவு பண்ணியாச்சு. அதை நாலால வகுத்துட்டா மூணு மாச இலக்கு வந்துடுமில்ல?"

ஆர்ச்சர்ட் ரோட்டில் பல் மருத்துவமனை வைத்திருப்பவருக்கு ஒருவேளை சரிவரும். தேக்காவில் கடை வைத்திருப்பவருக்கு வராது. ஏன் வராது, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதை ஒரே கடையை வைத்துப் பார்ப்போம். கடை கற்பனைதான். எண்களும் மனத்தில் நிற்பதற்காக நான் போட்ட முழு எண்கள். ஆனால் இந்த வடிவத்தில் இருக்கும் கடைகள் டன்லப் ஸ்திரீட்டிலும் பஃபலோ ரோட்டிலும் நிறையவே உண்டு.

ஓர் அக்கா துணிக்கடை நடத்துகிறார். சுடிதார், பிள்ளைகளுக்கான பாவாடை சட்டை, வேட்டி, ரவிக்கை தைத்துக் கொடுப்பது. ஒரு முழுநேர ஊழியர் இருக்கிறார், அவர்தான் தைக்கிறார். 2025இல் கடையில் விற்றது 240,000 வெள்ளி. சரக்கின் அடக்கம் அதில் பாதி, மீதி 120,000 வெள்ளி மொத்த லாபம். வாடகை மாதம் 4,500, ஊழியரின் சம்பளமும் முதலாளி கட்டும் மசேநியும் சேர்ந்து 2,600, மின்சாரம், தொலைபேசி, கார்டு கட்டணம் எல்லாம் 700. ஆக மாதம் 7,800 வெள்ளி, ஆண்டுக்கு 93,600. அக்கா கைக்கு வந்தது 26,400 வெள்ளி. மாதக் கணக்கில் 2,200. வாரம் ஆறு நாள் கல்லாவில் நிற்பவருக்கு, அவரிடம் வேலை பார்ப்பவருக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

இந்த நிலையில் வாடகை ஒப்பந்தம் 2027 மார்ச்சில் முடிகிறது. கட்டட உரிமையாளர் 5,200 வெள்ளி கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அதாவது ஆண்டுக்கு 8,400 வெள்ளி கூடுதல். கடை இப்போதிருக்கிற மாதிரியே ஓடினால் அக்காவுக்கு மிஞ்சுவது மாதம் 1,500 வெள்ளி. இடத்தை விட்டுவிடுவதா, கையெழுத்துப் போடுவதா? 2026ஆம் ஆண்டின் இலக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால் இலக்கை விற்பனையிலிருந்து தொடங்காமல், அக்கா கையில் என்ன நிற்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறோம். மாதம் 3,500, ஆண்டுக்கு 42,000 வெள்ளி வேண்டும் என்கிறார். அதோடு கடைச் செலவு 93,600ஐக் கூட்டினால் மொத்த லாபம் 135,600 வந்தாக வேண்டும். நூறு வெள்ளி விற்றால் ஐம்பது நிற்கும் இன்றைய நிலையில் இதற்கு 271,000 வெள்ளிக்குமேல் விற்க வேண்டும். அதே கடை, அதே ஆள், அதே தெருவில் அது கஷ்டம். ஆனால் தையல் வருமானத்தில் அடக்கம் என்று பார்த்தால் நூலும் உள்துணியும்தான், கூலி ஏற்கெனவே சம்பளத்தில் போய்விட்டது. தையலைக் கொஞ்சம் கூட்டி, மிச்சச் சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளுவதைக் குறைத்தால், நூற்றுக்கு 53 நிற்க வைக்கலாம். அப்போது 256,000 விற்றால் போதும், மொத்த லாபம் 135,680. ஆண்டு இலக்கு இந்த இரண்டு எண்தான்: 256,000 விற்பனை, நூற்றுக்கு 53.

இனி வகுப்புத் தம்பியின் கேள்விக்கு வருவோம். 256,000ஐ நான்கால் வகுத்தால் 64,000. 2025இல் அக்கா விற்றது முதல் காலாண்டில் 50,000, இரண்டாவதில் 46,000, மூன்றாவதில் 56,000, நான்காவதில் 88,000. ஒவ்வொரு காலாண்டுக்கும் 64,000 என்று எழுதிச் சுவரில் ஒட்டினால், முதல் ஒன்பது மாதமும் அவர் தோற்றுக்கொண்டே இருப்பார். கடைசி மூன்று மாதத்தில் எதுவும் செய்யாமலே ஜெயிப்பார். அந்தக் காகிதத்தை ஏப்ரலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்.

சரி, போன வருஷத்துக் காலாண்டுகளையே எடுத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டிவிடலாமே? பலர் இதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் தீபாவளி குறுக்கே வருகிறது. தைப்பூசம் ஜனவரியில் வந்தாலும் பிப்ரவரியில் வந்தாலும் முதல் காலாண்டுக்குள்தான் இருக்கும். தீபாவளி அப்படியில்லை. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. இவை எல்லாமே நான்காம் காலாண்டுதானே என்று தோன்றும். ஆனால் துணி வாங்க வருகிறவர்கள் தீபாவளி அன்று வருவதில்லை. ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் ஆறு வாரம் முன்பே வந்துவிடுவார்கள்.

2025இல் அந்த ஆறு வாரம் செப்டம்பர் 8ஆம் தேதி தொடங்கியது. அப்படியானால் தீபாவளி வியாபாரத்தின் ஒரு பகுதி, அக்காவின் பில் புத்தகத்தின்படி 12,000 வெள்ளி, மூன்றாம் காலாண்டில் விழுந்தது. 2026இல் ஆறு வாரம் தொடங்குவதே செப்டம்பர் 27. மூன்றாம் காலாண்டில் தீபாவளிக்கு நாலு நாள்தான். எந்தத் தவறும் நடக்காமலேயே மூன்றாம் காலாண்டு விற்பனை சரிந்தது போலத் தெரியும். பயந்துபோய் செப்டம்பரில் தள்ளுபடி போட்டால், அடுத்த மாதம் முழு விலைக்கு வாங்க இருந்தவருக்கே குறைத்துக் கொடுத்ததாகும்.

எனவே 12,000ஐ மூன்றாம் காலாண்டிலிருந்து எடுத்து நான்காவதில் வைத்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். 50, 46, 44, 100 ஆயிரம் என்று ஆகும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூட்டினால் 53, 49, 47, 107 ஆயிரம். கூட்டிப் பாருங்கள், 256. மூன்றாம் காலாண்டின் இலக்கு போன வருஷம் விற்றதைவிட 9,000 குறைவு. ஆண்டு முழுக்க வளர்ச்சி வேண்டும் என்கிற கடைக்கு இது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் சரியான எண் இதுதான்.

இந்த நான்கு எண்ணையும் நூற்றுக்கு 53ஆல் பெருக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று மாதச் செலவு 23,400ஐக் கழித்தால் எனக்கே முதலில் தூக்கிவாரிப்போட்ட ஒரு விஷயம் தெரியும். அக்காவுக்கு முதல் காலாண்டில் மிஞ்சுவது 4,690 வெள்ளி. இரண்டாவதில் 2,570. மூன்றாவதில் 1,510. நான்காவதில் 33,310. ஆண்டு மொத்தம் 42,080, இலக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் ஐந்தில் நாலு பங்கு கடைசி மூன்று மாதத்தில் வருகிறது! ஒன்பது மாதம் கடை ஓடுவது வாடகைக்கும் சம்பளத்துக்கும்தான்.

மாதம் 3,500 என்று இலக்கு வைத்துவிட்டோமே என்று ஜனவரியிலிருந்தே 3,500 எடுத்தால் என்ன ஆகும்? ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் 49,000 வெள்ளி. செப்டம்பர் இறுதிக்குள் கடை தருவது 8,770. அக்கா எடுப்பது 31,500. தீபாவளிச் சரக்குக்காகக் கூடுதலாகப் போட வேண்டியது 30,000. வங்கியில் 3,730 வெள்ளி பள்ளம். அதை நிரப்ப கிரெடிட் கார்டோ, நகையோ போகும். மாதம் 2,000 மட்டும் எடுத்தால் செப்டம்பர் இறுதியில் 9,770 நிற்கும், ஒரு மாதச் செலவுக்குப் போதும். மீதி 1,500 வீதம் சேர்வதை ஜனவரியில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் அதேதான், வாங்கும் தேதிதான் வேறு. வருமான வரியைப் பொறுத்தவரை இதனால் எந்த வித்தியாசமும் இல்லை. தனிநபர் உரிமையில் இருக்கும் கடைக்கு, முதலாளி எடுத்துக்கொண்ட பணம் செலவாகாது. லாபத்துக்குத்தான் வரி.

இப்போது காலாண்டுச் சோதனைக்கு வருவோம். நான் சொல்லும் நாள்கள் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் வாரம். நம் நாள்காட்டியோடு இவை பொருந்துவது ஒரு வசதி. ஏப்ரல் சோதனை சித்திரைப் புத்தாண்டுக்கு முன், ஜூலை சோதனை ஆடிக்கு முன், அக்டோபர் சோதனை நவராத்திரியை ஒட்டி, ஜனவரி சோதனை பொங்கலுக்கு முன். சரஸ்வதி பூஜைக்குக் கணக்குப் புத்தகத்தைச் சாமி முன் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வைப்பதற்கு முன் அதைத் திறந்து பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு முறையும் பார்ப்பது ஒரே பக்கம். விற்பனை, மொத்த லாபம், சரக்கு, வங்கி இருப்பு. விற்பனையும் வங்கி இருப்பும் கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் சரக்கை எண்ண வேண்டும். இதைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள்.

ஏன் எண்ண வேண்டும் என்றால், வாங்கிய சரக்கு வேறு, விற்ற சரக்கு வேறு. ஜனவரி முதல் தேதி கடையில் அடக்க விலையில் 30,000 வெள்ளிச் சரக்கு. மூன்று மாதத்தில் வாங்கியது 26,000. மார்ச் 31 இரவு எண்ணினால் மீதி 31,000. அப்படியென்றால் விற்றுப்போன சரக்கின் அடக்கம் 25,000. விற்பனை 52,000 என்றால் மொத்த லாபம் 27,000, நூற்றுக்கு ஏறக்குறைய 52. அடக்க விலை என்பது சென்னையிலோ சூரத்திலோ கொடுத்த விலை மட்டுமல்ல. விமானக் கூலியும், இறக்குமதியின்போது கட்டும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்ததுதான் அடக்கம். ஆண்டு வருவாய் ஒரு மில்லியன் வெள்ளிக்குள் இருந்து ஜிஎஸ்டிக்குப் பதிந்துகொள்ளாத கடை, அந்த 9 விழுக்காட்டைத் திரும்பக் கேட்க முடியாது. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் லாபம் காகிதத்தில் மட்டும் கூடும்.

ஏப்ரலில் இலக்கு 53,000, வந்தது 52,000. நூற்றுக்கு 53 எதிர்பார்த்தோம், 52 வந்தது. செலவு போக மிஞ்சியது 3,600. இதற்கு என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். நூற்றுக்கு ஒன்று கூடக் குறைய வருவது எண்ணும்போது ஏற்படும் பிழையாகவும் இருக்கலாம். நாங்கள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது இது: 50க்குக் கீழே போனால் காரணம் தேடுவது, அதுவரை கை வைக்காமல் இருப்பது.

அதே பக்கத்தில் வங்கி இருப்பையும் சரிபார்க்க வேண்டும். 49,000இல் தொடங்கி, மிஞ்சிய 3,600ஐக் கூட்டி, அக்கா எடுத்த 6,000ஐயும் சரக்கு கூடிய 1,000ஐயும் கழித்தால் 45,600 இருக்க வேண்டும். சரக்குக்காரருக்குக் கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகை கூடுதலாக இருக்கும். வங்கியில் 44,100தான் இருக்கிறது என்றால் 1,500 வெள்ளி எங்கோ போயிருக்கிறது. பெரும்பாலும் திருட்டு இல்லை. கல்லாவிலிருந்து சீட்டுக்குக் கட்டியது, மார்க்கெட்டுக்குப் போகும்போது எடுத்தது. "எழுத மறந்துட்டேன் தம்பி" என்பார்கள். மூன்று மாதத்துக்குள் கேட்டால் நினைவு வரும். வருஷ முடிவில் கேட்டால் வராது.

ஜூலை சோதனையில் ஒரு நல்ல செய்தி போல வரும் கெட்ட செய்தி. விற்பனை 50,000, இலக்கைவிட 1,000 கூட. அக்கா சந்தோஷமாக இருக்கிறார். சரக்கை எண்ணினால்: தொடக்கத்தில் 31,000, வாங்கியது 24,000, மீதி 29,000. விற்றதன் அடக்கம் 26,000. மொத்த லாபம் 24,000, நூற்றுக்கு 48. மூன்று மாதச் செலவு 23,400 போக மிஞ்சியது வெறும் 600 வெள்ளி.

காரணம் ஜூன் பள்ளி விடுமுறையில் போட்ட 20 விழுக்காடு தள்ளுபடி. 50 வெள்ளி அடக்கமுள்ள சுடிதாரை 100க்கு விற்றால் 50 நிற்கும். 80க்கு விற்றால் 30தான் நிற்கும். முன்பு மூன்று விற்றுச் சம்பாதித்த 150 வெள்ளியைச் சம்பாதிக்க இப்போது ஐந்து விற்க வேண்டும். கடையில் கூட்டம் கூடியது உண்மை, ஆனால் மூன்று பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் வரவில்லை. விற்பனையை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தள்ளுபடியை வெற்றி என்று நினைத்து, தீபாவளிக்கும் போட்டிருப்பார்.

இப்போது கை வைக்க வேண்டிய நேரம். ஜூலையில் வங்கியில் 42,200. சரக்கை 60,000க்கு ஏற்றி, மூன்றாம் காலாண்டு திட்டப்படி நடந்தாலும், செப்டம்பர் இறுதியில் 6,710தான் நிற்கும். ஒரு மாதச் செலவுக்குப் பற்றாது. தீபாவளிச் சரக்குக்குச் சொல்லிவிடுவது ஆடியில்தான் என்பதால் இன்னும் திருத்த முடிகிறது. 3,000 வெள்ளிச் சரக்கைக் குறைத்தால் 9,710 நிற்கும். எதைக் குறைப்பது? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பது தப்பு. போன தீபாவளிக்குப் பிறகு எது மிஞ்சியது என்று சரக்குப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பெரிய பிள்ளைகளின் அளவுகளும், அந்த ஆண்டுக்கு மட்டும் ஓடிய நிறங்களும் இருக்கும். வேட்டியும் ரவிக்கைத் துணியும் அடுத்த வருஷமும் விற்கும், அவற்றில் கை வைக்கத் தேவையில்லை.

அக்டோபர் சோதனை ஐந்து நிமிட வேலை, வியாபாரம் சூடாக இருக்கும் நேரம். இலக்கு 47,000ஐ ஒட்டி வந்ததா, வங்கியில் ஒரு மாதச் செலவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதன் பிறகு அக்டோபரைப் போன அக்டோபரோடு ஒப்பிடாமல், "தீபாவளிக்கு நாலு வாரம் முன்பு", "மூணு வாரம் முன்பு" என்று வாரத்துக்கு வாரம் ஒப்பிடச் சொல்வேன். 2026இல் அக்டோபர் 11இல் தொடங்கும் வாரத்துக்குச் சோடி 2025இல் செப்டம்பர் 22இல் தொடங்கும் வாரம்.

இதையெல்லாம் யாரிடம் காட்டுவது என்று ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் செய்த நகரத்தார்களை நினைத்துப் பாருங்கள். டேங்க் ரோட்டில் 1859இல் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டியவர்கள். முதலாளி செட்டிநாட்டில், அவருடைய ஏஜெண்டு சிங்கப்பூரில். ஏஜெண்டு சுமார் மூன்று ஆண்டுத் தவணைக்கு வருவார், பேரேடு எழுதி, ஐந்தொகை கட்டி முதலாளிக்கு அனுப்பியாக வேண்டும். கடல் தாண்டி இருப்பவர் கேள்வி கேட்பார் என்பதால் கணக்கு சுத்தமாக இருந்தது. அக்காவின் கடையில் முதலாளியும் அவர்தான், ஏஜெண்டும் அவர்தான். கேட்க ஆளில்லை. அதனால் அந்த ஒரு பக்கத்தைப் பார்க்க ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளே போதும். உங்களில் பலர் வீட்டில் இந்த வேலையைச் செய்யலாம்: சரக்கு எண்ணும் இரவு கூட நின்று எழுதுவது, "போன தடவை சொன்னது என்ன ஆச்சும்மா?" என்று கேட்பது.

ஜனவரி சோதனையில் எண்ணும் சரக்கு வருமான வரிக்கும் உதவும். வருவாய் 200,000 வெள்ளியைத் தாண்டும் தனிநபர் கடைகள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நான்கு வரியில் கணக்குத் தர வேண்டும். அதில் இரண்டாவது வரி மொத்த லாபம். டிசம்பர் 31 இரவு எண்ணியிருந்தால் ஏப்ரல் 18ஆம் தேதிக் கெடுவுக்கு ஓட வேண்டியதில்லை. எண்ணிய தாள்களை ஐந்து ஆண்டு வைத்திருங்கள்.

வாடகை விஷயத்துக்கும் அன்றுதான் பதில். 2026 ஜனவரியிலேயே அக்கா ஓர் எல்லையை எழுதி வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்: புது வாடகைக்குப் பிறகும் மாதம் 2,500 வெள்ளி நிற்காவிட்டால் இந்தக் கடை வேண்டாம், மாடியில் சின்ன இடம் பிடித்துத் தையலை மட்டும் நடத்துவேன் என்று. ஆண்டுக்கு 30,000, அதோடு கூடும் வாடகை 8,400, ஆக 38,400. முதல் இரண்டு காலாண்டும் சேர்ந்து இலக்கைவிட 3,060 குறைந்துவிட்டதால், மற்றவை திட்டப்படி நடந்தால் ஆண்டு மொத்தம் 39,020 வரும். 620 வெள்ளி இடைவெளிதான். நான்காம் காலாண்டில் 107,000க்கு விற்று, நூற்றுக்கு 53க்குப் பதில் 52 வந்தாலே எல்லைக்குக் கீழே போய்விடும். ஆகவே கட்டட உரிமையாளரிடம் நவம்பரிலேயே போய், 5,200 இல்லை, 5,000 என்றால் இரண்டு வருஷத்துக்குப் போடுகிறேன் என்று பேச்சைத் தொடங்க அக்காவுக்கு நேரமும் இருக்கிறது, கையில் ஓர் எண்ணும் இருக்கிறது.